பாதி முடிந்த கட்டடத்துக்குச் செலவு வேறுபாடு, சிபிஐ போடுவது எப்படி? என் கணக்கில் லாபம், மனசுக்குள் சந்தேகம்

மூன்றாம்மாடி

வணக்கம். ஒரு சின்ன கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும் உள்ள கட்டடம், ஒரு தளம் ஏறக்குறைய 200 சதுர மீட்டர். எங்களுக்கு ஆகும் செலவு என்று ஆரம்பத்தில் போட்ட பட்ஜெட் 120 லட்சம். ஓனரோடு ஒப்பந்தம் 132 லட்சம். 12 மாத வேலையில் 7 மாதம் ஆகிவிட்டது.

அட்டவணைப்படி இந்த மாதக் கடைசிக்குள் 64 லட்சத்துக்கான வேலை நடந்திருக்க வேண்டும். இதுவரை பணமாக வெளியே போனது 61 லட்சம். ஆக 3 லட்சம் மிச்சம். செலவழித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு வேலை கிடைத்தது என்று காட்டும் சிபிஐ 64 / 61 = 1.05 என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் சைட்டில் நின்று பார்த்தால் மிச்சம் பிடித்த மாதிரியே தெரியவில்லை. எங்கே தப்பு?

சிமெண்ட்மூட்டை

தலைப்பைப் பார்த்து ஏதோ ரெய்டு என்று ஓடி வந்தேன் :)

தம்பி, 64 என்பது நீங்கள் செய்வதாகச் சொன்ன வேலை, செய்து முடித்த வேலை இல்லை. அதை 61-ஓடு ஒப்பிட்டால், வேலையே செய்யாமல் சும்மா இருந்தால்கூட மிச்சம் என்றுதான் வரும். நடந்த வேலைக்கு அவ்வப்போது ஓனரிடம் கொடுக்கும் ஆர்.ஏ. பில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்? அதுதான் செய்த வேலையின் மதிப்பு. அதை வைத்துக் கணக்கு போடுங்கள், முடிந்தது.

மூன்றாம்மாடி

நன்றி அண்ணா. இதுவரை சரிபார்த்து ஒப்புக்கொண்ட பில் 60.5 லட்சம். அப்படியானால் 60.5 / 61 = 0.99. அரை லட்சம்தான் கூடுதல் செலவு. சரி, இது பரவாயில்லை.

க்யூஎஸ்_ஷார்ஜா

அவசரப்படாதீர்கள். சிமெண்ட்மூட்டை சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி உங்களைக் குழியில் தள்ளும்.

பில்லில் இருப்பது ஒப்பந்த விலை, அதற்குள் உங்கள் 10 சதவீத லாபம் இருக்கிறது. 61 லட்சம் என்பது லாபம் சேராத செலவு. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 60.5-ஐ 1.1-ஆல் வகுத்தால் 55. அதுவும் சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். நம் ஆட்கள் ரேட் போடும்போது மண் வேலை, அஸ்திவாரம் போன்ற முதல் ஐட்டங்களில் கொஞ்சம் தூக்கி வைத்து, கடைசியில் வரும் பெயிண்டில் குறைத்திருப்பார்கள், கைக்குப் பணம் சீக்கிரம் வரட்டும் என்று. அப்போது பில் எப்போதும் வேலைக்கு முன்னால் ஓடும்.

பட்ஜெட்டை ஐட்டம் வாரியாகப் போடுங்கள். ஒவ்வொன்றிலும் சைட்டில் என்ன முடிந்திருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். சதவீதம் வேண்டாம், கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

மூன்றாம்மாடி

ரேட்டைப் பார்த்தேன். நீங்கள் சொன்னது போலவே அஸ்திவார ரேட் தூக்கித்தான் இருக்கிறது.

பட்ஜெட் இப்படி: பிளிந்த் வரை 20 லட்சம், தூண்-பீம்-ஸ்லாப் 30, செங்கல் சுவர் 14, பூச்சு 12, மின்சாரமும் பிளம்பிங்கும் 18, டைல்ஸ்-கதவு-பெயிண்ட் எல்லாம் சேர்த்து 26.

பிளிந்த் வரை முடிந்தது. இரண்டு ஸ்லாப் போட்டாயிற்று. மூன்றாவதுக்குத் தூண் முடிந்து, சென்ட்ரிங் அடித்து, கம்பி பாதி கட்டியாயிற்று, காங்கிரீட் அடுத்த வாரம். தரைத்தளச் சுவர் முடிந்தது, முதல் மாடிச் சுவரை டேப் வைத்து அளந்தால் பாதி. ஸ்லாப்புக்குள் போகும் கண்டியூட் பைப் வேலை பட்ஜெட்டில் 1 லட்சம், அது முடிந்த மாதிரிதான்.

க்யூஎஸ்_ஷார்ஜா

இப்போது பேசலாம். பிளிந்த் 20, அதில் பிரச்சினை இல்லை. தளத்துக்கு 10 லட்சம் என்று வைத்தால் முடிந்த இரண்டு தளத்துக்கு 20. மூன்றாவது தளத்தின் 10-ஐ உங்கள் பட்ஜெட் தாளிலிருந்தே பிரியுங்கள். தூண் 2.5, சென்ட்ரிங் 2, கம்பி 2.7, காங்கிரீட் 2.8 என்ற அளவில் வரும் என்று நினைக்கிறேன். தூணும் சென்ட்ரிங்கும் முடிந்ததால் 4.5 கொடுக்கலாம். கம்பி பாதிதான், இன்னும் யாரும் செக் செய்யவில்லை, அதற்கு இப்போது பூஜ்யம். சுவருக்குத் தரைத்தளம் 5, மாடியில் பாதி 2.5. கண்டியூட் 1.

மொத்தம் 53 லட்சம். பில் சொன்ன 55 இல்லை, அட்டவணை சொன்ன 64 இல்லவே இல்லை. உங்கள் கட்டடம் 44 சதவீதம்தான் முடிந்திருக்கிறது. 7 மாதம் போய்விட்டது என்பதைக் கட்டடம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

அடுத்து அந்த 61. அது செலவா, பணம் கொடுத்ததா? யார்டில் பயன்படுத்தாத சரக்கு என்ன இருக்கிறது, யாருக்குப் பாக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு வாருங்கள்.

வீட்டுக்காரர்_தஞ்சை

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நான் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். கான்ட்ராக்டர் 70 சதவீதப் பணம் வாங்கிவிட்டார், வேலை பாதிதான். என் சிபிஐ 0.71 என்று எடுத்துக்கொள்ளலாமா? முடிக்கும்போது எனக்கு 40 சதவீதம் கூடுதலாகச் செலவாகுமா?

க்யூஎஸ்_ஷார்ஜா

ஐயா, உங்கள் ஒப்பந்தம் மொத்தத் தொகைக்கு என்றால் இது வேறு கதை. உங்களுக்குச் செலவு கூடவில்லை, முன்பணம் கூடுதலாகப் போயிருக்கிறது. மீதி 30 சதவீதத்தில் அவர் மீதி பாதியை முடித்தே ஆக வேண்டும், முடிப்பாரா என்பதுதான் உங்கள் கவலை. இன்று வேறு ஒருவரைக் கூப்பிட்டு மீதி வேலைக்கு விலை கேட்டால் என்ன சொல்வார் என்று பாருங்கள். அடுத்த தவணையைத் தேதிக்கு அல்ல, முடிந்த கட்டத்துக்குக் கொடுங்கள். தனி இழை போட்டால் விரிவாகப் பேசலாம்.

மூன்றாம்மாடி

கணக்கரோடு அரை நாள் உட்கார்ந்தேன். யார்டில் 5 டன் கம்பி அப்படியே இருக்கிறது, கிலோ 60 ரூபாய்க்கு வாங்கியது, 3 லட்சம். டைல்ஸ் கடைக்கு அட்வான்ஸ் 2 லட்சம். இரண்டுமே 61-க்குள் இருக்கிறது.

பாக்கிப் பக்கம் பயமாக இருக்கிறது. ரெடிமிக்ஸ் பில் 2.8 லட்சம், மேஸ்திரிக்கு 2.4, சென்ட்ரிங் தகடு வாடகை 0.8. மொத்தம் 6 லட்சம், ஒன்றுமே கணக்கில் ஏறவில்லை. இவ்வளவு நாள் இதைக் கவனிக்கவே இல்லை.

க்யூஎஸ்_ஷார்ஜா

எல்லாச் சைட்டிலும் இதுதான் நடக்கிறது. கணக்கர் பார்ப்பது காசோலை போன தேதி. நமக்கு வேண்டியது வேலை நடந்த தேதி. போட்ட காங்கிரீட்டுக்குப் பணம் கொடுக்கவில்லை என்பதற்காக அது இலவசம் ஆகிவிடாது. அதே போல யார்டில் கிடக்கும் கம்பி இன்னும் கட்டடம் ஆகவில்லை.

61-இல் 5-ஐக் கழித்து 6-ஐக் கூட்டினால் 62. செய்த வேலையின் மதிப்பு EV, உண்மையான செலவு AC, செலவு வேறுபாடு CV, சிபிஐ என்பது CPI.

```
CV  = EV - AC = 53 - 62 = -9 லட்சம்
CPI = EV / AC = 53 / 62 = 0.855
```

100 ரூபாய் செலவழித்து 85 ரூபாய் வேலை வாங்கியிருக்கிறீர்கள். இதே போக்கு கடைசி வரை போனால் 120-ஐ 0.855-ஆல் வகுத்துப் பாருங்கள், 140 லட்சம். ஒப்பந்தம் 132. முதலாளி இப்போதைக்குச் சிரிப்பை ஒத்திவைப்பது நல்லது.

ஒரு கேள்வி. உங்கள் சம்பளம், வாட்ச்மேன், சைட் கரண்ட் இதெல்லாம் 120-க்குள் இருக்கிறதா?

மூன்றாம்மாடி

இல்லை, அது ஆபீஸ் கணக்கில் தனி. 62-லும் இல்லை.

க்யூஎஸ்_ஷார்ஜா

அப்படியானால் சரி. இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு பக்கமும் இருக்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை

ஷார்ஜா சாரோடு ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. பாதி கட்டிய கம்பிக்கு வேலை மதிப்பில் பூஜ்யம் கொடுத்தீர்கள். ஆனால் அந்தக் கம்பி யார்டில் இல்லை, ஸ்லாப் மேலே படுத்திருக்கிறது. அதனால் அதன் செலவு 62-க்குள் இருக்கிறது. செலவை எழுதிவிட்டு வேலையை எழுதாமல் விட்டால் நஷ்டம் பெரிதாகத்தானே தெரியும்?

பாதிக் கம்பிக்கு 1.35 கொடுத்தால் மதிப்பு 54.35. வேறுபாடு −7.65, சிபிஐ 0.877. முடிவுச் செலவு 137 பக்கம் இறங்கிவிடும். ஒரு ஸ்லாப்பின் பாதிக் கம்பியை எழுதும் விதத்திலேயே 3 லட்சம் ஆடுகிறது.

க்யூஎஸ்_ஷார்ஜா

நியாயமான அடி, வாங்கிக்கொள்கிறேன். பெரிய வேலையில் இந்த மாதம் விட்டது அடுத்த மாதம் சேர்ந்துவிடும், அதனால் முடியாததற்குப் பூஜ்யம் என்பது பாதுகாப்பான விதி. "90 சதவீதம் முடிந்தது" என்று மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருக்கும் சைட்களைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் அது. மூன்றே ஸ்லாப் உள்ள கட்டடத்தில் அது உறுத்தத்தான் செய்யும். எந்த விதியானாலும் மாதா மாதம் மாற்றாமல் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை

விதியை மாற்றக் கூடாது என்பது சரி. ஆனால் முதல் விதியே சைட்டுக்குப் பொருந்த வேண்டும் இல்லையா? என் கட்சி, கட்டிய டன்னுக்கு மதிப்பு கொடுப்பதுதான். கம்பி எடை பார் பெண்டிங் அட்டவணையிலேயே இருக்கிறது.

சிமெண்ட்மூட்டை

இதெல்லாம் எதற்கு, எம்.எஸ். புராஜெக்டில் போட்டால் அதுவே சிபிஐ காட்டுமே. நான் அப்படித்தான் ரிப்போர்ட் அனுப்புகிறேன். ஸ்லாப் டாஸ்க்கில் 80 சதவீதம் என்று போட்டால் மீதி அதுவே பார்த்துக்கொள்ளும்.

கணக்குப்பிள்ளை

அண்ணா, அந்த `% Complete` கால அளவின் சதவீதம். உங்கள் ஸ்லாப் டாஸ்க் 20 நாள், அதில் கடைசி 7 நாள் தண்ணீர் விட்டு க்யூரிங் என்று வையுங்கள். 13-வது நாள் காங்கிரீட் கொட்டி முடிந்ததும் செலவு முழுக்க ஏறிவிடும், மென்பொருள் 65 சதவீதம் என்று காட்டும். சில டாஸ்க்கில் இது தலைகீழாகவும் ஆகும்: ஆள் வராமல் நாள் மட்டும் ஓடியிருக்கும், சதவீதம் ஏறிக்கொண்டே போகும்.

`Physical % Complete` என்று தனியாக ஒரு பத்தி இருக்கிறது, அளந்த அளவை அதில் போட வேண்டும். டாஸ்க்கின் `Earned value method` என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால்தான் கணக்கில் எடுக்கும். ஆப்ஷன்ஸில் மாற்றினால் இனிமேல் போடும் டாஸ்க்குக்கு மட்டும்தான் பொருந்தும், பழையவை அப்படியே இருக்கும். இதில் நான் ஒரு முறை நன்றாக மாட்டியிருக்கிறேன். ஆரம்பத் திட்டத்தைப் பேஸ்லைனாகவும் சேமித்திருக்க வேண்டும், இல்லையென்றால் செய்த வேலையின் மதிப்பைக் காட்டும் `BCWP` பத்தியில் பூஜ்யம்தான் நிற்கும்.

சிமெண்ட்மூட்டை

அடப்பாவிகளா. போன வருஷ ரிப்போர்ட் எல்லாம் கண் முன்னால் வந்து போகிறது.

மூன்றாம்மாடி

செலவையும் ஐட்டம் வாரியாகப் பிரித்துவிட்டேன். பிளிந்த் வரை 24.6, தூண்-பீம்-ஸ்லாப் 28.6, சுவர் 7.8, கண்டியூட் 1. கூட்டினால் 62.

அதாவது பாதி நஷ்டம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். மனையின் ஒரு மூலையில் பழைய கிணறு ஒன்றை மூடியிருந்தார்கள். வரைபடத்தில் அஸ்திவார ஆழம் 1.5 மீட்டர், அங்கே மண் பொலபொலவென்று இருந்ததால் ஓனரின் இன்ஜினியர் வந்து பார்த்து 2.1 வரை தோண்டச் சொன்னார். அந்த வரிசை ஃபுட்டிங் முழுக்க அப்படித்தான் போனது.

கணக்குப்பிள்ளை

எழுத்தில் சொன்னாரா?

மூன்றாம்மாடி

வாயால்தான். என்னிடம் ஃபோட்டோ இருக்கிறது. குழிக்குள் லெவலிங் ஸ்டாஃப் நிறுத்தி எடுத்தது. தேதியும் அதில் இருக்கிறது.

க்யூஎஸ்_ஷார்ஜா

ஸ்டாஃபோடு எடுத்தது உங்கள் நல்ல நேரம். அந்த ஃபோட்டோவையும் அளவையும் வைத்துக் கூடுதல் ஐட்டமாக இன்றே எழுதிக் கொடுங்கள். ஒப்புக்கொண்டால் பட்ஜெட்டும் கூடும், செய்த வேலையின் மதிப்பும் அதே அளவு கூடும். உதாரணமாக 3 லட்சம் ஏற்றால் 123-க்கு 56, சிபிஐ 0.90 ஆகிவிடும். வேலை திறமையாக நடக்கவில்லை என்று இப்போது தெரிவதில் ஒரு பகுதி, கேட்காத வேலையைச் சேர்த்துச் செய்ததுதான். ஆனால் கையெழுத்து வரும் வரை 120-ஐத் தொடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

நான் இரண்டு வரியாகக் காட்டச் சொல்வேன். கையெழுத்து ஆனது ஒன்று, கேட்டிருப்பது ஒன்று. இல்லையென்றால் முதலாளி மேஸ்திரியைத் திட்டிக்கொண்டிருப்பார், அவன் பாவம், ஆழமாகத் தோண்டியதற்கு.

க்யூஎஸ்_ஷார்ஜா

"கேட்டிருப்பது" வரியை அடுத்த மாதம் முதலாளி வந்த பணமாகவே நினைத்துக்கொள்வார். நான் பார்த்த வரை அப்படித்தான். இதில் உங்களோடு நான் சேர மாட்டேன். தம்பி, ஸ்லாப்பைப் பாருங்கள். கம்பி விவகாரத்தைத் தள்ளிவிட்டாலும் 2.7 லட்சம் பக்கம் கூடியிருக்கிறது. அது எங்கே போனது?

மூன்றாம்மாடி

கம்பி பட்ஜெட்டில் கிலோ 56, வாங்கியது 60. இதுவரை 14.5 டன் போயிருக்கிறது, அதில் 58,000. இது என் கையில் இல்லை.

காங்கிரீட்தான் வெட்கமாக இருக்கிறது. இரண்டு ஸ்லாப்புக்கும் வரைபட அளவு 78 கன மீட்டர். ரெடிமிக்ஸ் சலான்களை எல்லாம் கூட்டினால் 87. பிளம்பிங் பைப்புக்கு விட்ட ஓட்டைகளில் ஸ்கேல் விட்டுப் பார்த்தேன். 125 மில்லிமீட்டர் ஸ்லாப், பல இடத்தில் 140 இருக்கிறது. லெவல் கட்டை வைக்காமல் கண் மதிப்பில் இழுத்திருக்கிறார்கள். 9 கன மீட்டருக்கு ஏறக்குறைய 50,000 ரூபாய்.

மீதி ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருப்பது சென்ட்ரிங் வாடகையும் சும்மா உட்கார்ந்த ஆட்களின் கூலியும். கம்பி கட்டும் ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விட்டார்கள், தகடு எங்கள் சைட்டில் வாடகையோடு நின்றது.

க்யூஎஸ்_ஷார்ஜா

15 மில்லிமீட்டர் என்றால் காசு மட்டும் இல்லை, பீமின் மேல் சுமையும்தான். வடிவமைத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

சிமெண்ட்மூட்டை

சரி, அந்த 140 லட்சம் கணக்குக்கு வாருங்கள். 20 சதவீத வேலை தாண்டிவிட்டால் சிபிஐ பெரிதாக மாறாது என்று ஒரு டிரெய்னிங்கில் சொன்னார்களே. அப்படியானால் 140 உறுதிதானா?

கணக்குப்பிள்ளை

அது அமெரிக்க ராணுவத் தளவாட ஒப்பந்தங்களைப் பார்த்துச் சொன்னது. பல வருஷம் ஒரே மாதிரி ஆட்கள் ஒரே மாதிரி வேலை செய்யும் இடம். நம் கட்டடத்தில் முதல் பாதி சொந்த ஆட்கள், மண், காங்கிரீட். இரண்டாம் பாதி டைல்ஸ், வயரிங், பெயிண்ட், எல்லாம் சதுர அடிக்கு இவ்வளவு என்று சப்-கான்ட்ராக்ட். மூடிய கிணறு டைல்ஸ் ஒட்டும்போது திரும்ப வராது.

தனித்தனியாகப் பாருங்கள். மீதி ஸ்லாப் வேலை 5.5 லட்சம், அதற்கு இதுவரை கண்ட போக்கையே வைத்தால் 6.4. மீதிச் சுவர் 6.5, அது 6.8. பூச்சு, வயரிங், டைல்ஸ் எல்லாம் சேர்த்து மீதி 55, அது பட்ஜெட்டிலேயே முடிந்தால் 62-ஓடு கூட்டி 130 பக்கம் வரும். நஷ்டமில்லை, லாபம் 12-இலிருந்து 2-க்கு இறங்கும்.

க்யூஎஸ்_ஷார்ஜா

அந்த "பட்ஜெட்டிலேயே முடிந்தால்" என்பதற்குள்தான் எல்லாம் இருக்கிறது. 55 லட்சத்தில் கூலி ரேட் பேசி முடித்தது எவ்வளவு, சரக்கு வாங்க வேண்டியது எவ்வளவு?

மூன்றாம்மாடி

கூலி எல்லாம் பேசியாயிற்று. டைல்ஸ் விலையும் அட்வான்ஸோடு உறுதி. வயர், பைப், கதவு மரம் இன்னும் வாங்கவில்லை. பட்ஜெட் போட்டது போன வருஷ விலையில்.

க்யூஎஸ்_ஷார்ஜா

அப்படியானால் 130 என்று முதலாளியிடம் சொல்லாதீர்கள். வயர் கடையில் இன்றைய விலையை வாங்கிக்கொண்டு போய்ப் பேசுங்கள். என் மனசு 130-க்கும் 140-க்கும் நடுவில்தான் நிற்கிறது.

மூன்றாம்மாடி

ஒரு மாதம் கழித்து வருகிறேன். மூன்றாவது ஸ்லாப் போட்டாயிற்று, முதல் மாடிச் சுவரும் முடிந்தது. இந்த முறை 125-க்கு மரக்கட்டை வெட்டி வைத்து இழுக்கச் சொன்னேன், நானே ஸ்கேலோடு மேலே நின்றேன். வரைபட அளவு 39, சலான் 40.5.

கம்பிக்கு ஷார்ஜா சார் விதியையே வைத்திருக்கிறேன், பூஜ்யம் அல்லது முழுசு. செய்த வேலை 53-இலிருந்து 61. செலவு 62-இலிருந்து 68.9. சிபிஐ 0.885. முதலாளி இந்த மாதத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தார்: 8 லட்சம் வேலைக்கு 6.9 லட்சம் செலவு, 1.16. "பார்த்தாயா, சரியாகிவிட்டது" என்கிறார். போன மாதம் எழுதாமல் விட்ட 1.35 லட்சம் கம்பிதான் இதில் உட்கார்ந்திருக்கிறது, அதை எடுத்தால் 0.96 என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை

நான் சொன்னேன் :)

அந்தக் கிணற்றுப் பணம் என்ன ஆயிற்று?

மூன்றாம்மாடி

ஓனரின் இன்ஜினியர் ஆழத்தை ஒப்புக்கொண்டார். ஆனால் கிணறு இருந்த மூலைக்கு மட்டும்தான், முழு வரிசைக்கும் இல்லை என்கிறார். ஃபோட்டோ அந்த மூலையில் எடுத்ததுதான் இருக்கிறது.